பத்தாம் வருட இன்வர்ட்டர் மாற்றம்: மாதம் எவ்வளவு ஒதுக்குவது? (5 கிலோவாட், கொட்டகலை)

மலைச்சாரல்

2017 ஆகஸ்டில் பூட்டிய சோலார். 325 வாட் பேனல் 16, எட்டு எட்டாக இரண்டு ஸ்ட்ரிங். சிங்கிள் பேஸ் 5 கிலோவாட் இன்வர்ட்டர், பேட்டரி இல்லை. நெட் அக்கவுண்டிங் ஒப்பந்தம், 20 வருடம். முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா வந்தது, எட்டாம் வருடத்திலிருந்து 15.50.

ஆரம்பத்தில் வருடச் சராசரி மாதத்துக்கு 480 யூனிட். இப்போது 455. வீட்டுப் பாவனை 130, மிச்சம் மின்சார சபைக்குப் போகிறது. மொத்தச் செலவு அன்றைக்கு 950,000 ரூபா.

விற்றவர்கள் தந்த கணக்குத் தாளில் 20 வருட வருமானம் இருக்கிறது, இன்வர்ட்டர் மாற்றும் செலவு எங்கேயும் இல்லை. இதே அளவு புது இன்வர்ட்டருக்கு இப்போது கேட்டால் 235,000 சொல்கிறார்கள். என் கேள்வி இரண்டு. பத்தாம் வருடம் மாற்றியே ஆக வேண்டுமா? அதையும் சேர்த்தால் ஒரு யூனிட் உண்மையில் எனக்கு என்ன விலைக்கு விழுகிறது?

டவுன்கடை

கேள்விக்கு நேரே பதில் சொல்றேன். பத்து வருஷமெல்லாம் எதிர்பார்க்காதீங்க. பேட்டரிக்குத் தண்ணி ஒழுங்கா ஊத்தினாலே நாலு வருஷந்தான். நம்ம கடையில கரண்டு போனா இன்வர்ட்டர்தான் பிரிட்ஜைத் தாங்குது, போன மாசம் அதுவும் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. என்னா செய்யலாம்?

மீட்டர்_மணி

டவுன்கடை அண்ணே, நீங்கள் சொல்வது கரண்டு போனால் பேட்டரியில் ஓடும் பெட்டி. இங்கே பேசுவது கூரைப் பேனலின் கரண்டை லைனுக்குத் தள்ளும் பெட்டி. லைனில் கரண்டு இல்லாவிட்டால் இது தானாக நின்றுவிடும், அதற்குத் தண்ணீரும் இல்லை, பேட்டரியும் இல்லை. உங்கள் கத்தலுக்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். தனி இழை போடுங்கள், பார்க்கிறேன்.

மலைச்சாரலுக்கு: பத்து வருடம் என்பது காலாவதித் தேதி இல்லை, பணம் தயாராக இருக்க வேண்டிய தேதி. ஏழில் போனதும் உண்டு, பதினான்கு ஓடுவதும் உண்டு. உள்ளே முதலில் தளர்வது பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். அடுத்தது ரிலே. காலையில் லைனோடு சேரும்போதும் மாலையில் பிரியும்போதும் அது அடிக்கிறது. மேகம் வந்து வந்து போகும் ஊரில் விடியலிலும் அந்தியிலும் இன்னும் சில தடவை அடிக்கும். பிறகு, உங்கள் பக்கம் மின்னல்.

சில்வர்ஓக்

மணி அண்ணன் சொல்வது கொழும்புக்குச் சரி. கப்பாசிட்டர் ஆயுள் பத்துப் பாகை சூடு குறைந்தால் இரட்டிப்பாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கொட்டகலை கொழும்பை விடப் பத்துப் பாகைக்கு அருகே குளிர். அப்படியென்றால் அங்கே பத்து வருடம் ஓடுவது இங்கே இருபது வருடம் ஓடும். ஒதுக்கவே தேவையில்லை. வாரண்டியும் பத்து வருடம் இருக்கிறது.

மீட்டர்_மணி

தம்பி, பாதி சரி. குளிர் கப்பாசிட்டருக்கு நல்லதுதான். ஆனால் பெட்டியில் இருப்பது அது ஒன்று மட்டுமில்லை.

நம் பக்கம் பெட்டியைக் கெடுப்பது ஈரம். பகலில் உள்ளே சூடாகிறது, மாலையில் நின்றதும் குளிர்கிறது. குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியே நிற்கும் மூடுபனியை வயர் நுழையும் கிளாண்ட் வழியாக உள்ளே இழுக்கும். ஒரு நாளைக்கு ஒரு மூச்சு என்றாலும் பத்து வருடத்தில் போர்டில் பச்சை பிடிக்கப் போதும். கீழே பாவிக்காத கிளாண்ட் ஓட்டை ஒன்று அடைக்காமல் இருந்தால் எறும்பும் பல்லியும் குடிவரும். அடுத்தது, மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வரும் இடி. அதற்குக் குளிர் சூடு தெரியாது.

அதோடு இன்வர்ட்டரைத் தகரக் கூரைக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே பூட்டிய வீடுகள் உண்டு. வெளியே 18 பாகை இருந்தாலும் வெயில் நேரம் அந்த இடம் வேறு ஊர். விறகடுப்புப் புகை போகும் சுவரில் பூட்டியதும் உண்டு, பின்னால் இருக்கும் சூடு தணிக்கும் துடுப்புகளில் கரி அடைத்துவிடும்.

வாரண்டி பத்து வருடம் என்பதை பில்லில் பாருங்கள். ஐந்து வருடம் தொழிற்சாலை, மற்ற ஐந்து சீரியல் நம்பரைப் பதிந்து வாங்க வேண்டியது என்று இருந்த விற்பனைகள் நிறைய. பதியாமல் விட்டிருந்தால் அந்தப் பிற்பாதி வெறும் பேச்சு. பதிந்திருந்தாலும் வாரண்டி தருவது பெட்டியை மட்டும். கழற்றி மாட்டும் கூலி, போக்குவரத்து, நின்ற நாட்களின் யூனிட் எல்லாம் உங்கள் பக்கம். மின்னல் என்று அவர்கள் எழுதிவிட்டால் பெட்டியும் உங்கள் பக்கம். மாற்றிக் கொடுத்த பெட்டிக்குப் புதிதாகப் பத்து வருடம் தொடங்குவதும் வழக்கமில்லை, பழைய தேதியில் மிச்சம் இருப்பதுதான்.

ஆகவே மலைச்சாரல், உங்கள் வாரண்டி உண்மையில் பத்து வருடம் என்றால் 2027 ஆகஸ்டுக்குக் காத்திருக்காமல் மேயிலேயே ஒரு முழுப் பரிசோதனை செய்து, எதாவது கோளாறு இருந்தால் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

பணக் கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் 235,000 என்பது பெட்டியின் விலை, மாற்றும் விலை அல்ல. மணி அண்ணன், கூட என்னென்ன மாறும் என்று சொல்லுங்கள், அதை வைத்துப் போடுகிறேன்.

மீட்டர்_மணி

பேனல் கரண்டைத் துண்டிக்கும் டி.சி. ஐசோலேட்டர் இரண்டும் மாறும். பத்து வருடம் திறக்காமல் கிடந்த ஐசோலேட்டரின் தொடுமுனை கறுத்திருக்கும், கூரையில் இருப்பது என்றால் உள்ளே தண்ணீரும் நின்றிருக்கும். டி.சி. பக்கம் மின்னல் வீச்சைத் தாங்கும் சர்ஜ் அரெஸ்டர் இரண்டு, ஏ.சி. பக்கம் ஒன்று. அவற்றின் சிறு ஜன்னல் சிவப்பாகியிருந்தால் அது எப்போதோ உங்களுக்காகச் செத்துவிட்டது என்று அர்த்தம். ஏ.சி. பிரேக்கர் ஒன்று. இன்வர்ட்டர் முனையில் எம்.சி.4 கனெக்டர் நாலு சோடி, ஆண் பெண் இரண்டும் ஒரே கம்பனியாக. வேறு வேறு கம்பனிக் கனெக்டர் ஒன்றோடொன்று பூட்டும், ஆனால் இறுக்கம் பொருந்தாது, சூடாகி உருகும்.

இந்தச் சாமான்களுக்கு 45,000 வைக்கலாம். கூலி, எர்த் அளப்பது, சபைக்குக் கொடுக்கும் பரிசோதனை அறிக்கை எல்லாம் சேர்த்து 25,000. மலைப் பாறை மண்ணில் எர்த் கம்பி மழைக்காலத்தில் நல்ல எண் காட்டும், பெப்ரவரி வரட்சியில் ஏறிவிடும். அதனால் காய்ந்த மாதத்தில் அளந்து 10 ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். எர்த் சரியில்லாமல் புது சர்ஜ் அரெஸ்டர் போடுவது வாசல் இல்லாத வீட்டுக்குப் பூட்டு.

கணக்குப்பிள்ளை

அப்போ மொத்தம் 305,000. பெட்டி விலையை விட 70,000 கூட.

இருபது வருட உற்பத்தி: தொடக்கத்தில் வருடம் 5,760 யூனிட், மெல்லக் குறைந்து சராசரி 5,470 என்று வைத்தால் மொத்தம் 109,400 யூனிட். 950,000ஐ அதனால் பிரித்தால் யூனிட் 8.68 ரூபா. இதுதான் விற்பவர் காட்டும் எண். 305,000ஐச் சேர்த்தால் 11.47. உங்களுக்கு இப்போது வருவது 15.50. இடைவெளி 6.82இலிருந்து 4.03 ஆகிறது. நட்டம் இல்லை, ஆனால் லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு பெட்டியில் போகிறது.

இந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ரூபாவும் இன்றைய ரூபாவும் ஒரே காசு இல்லை. அன்றைக்கு டொலர் 150ஐச் சுற்றி, இன்றைக்கு 300ஐச் சுற்றி. உங்கள் 950,000 அன்றைக்கு ஏறக்குறைய 6,200 டொலர். 305,000 இன்றைக்கு ஏறக்குறைய 1,000 டொலர். ரூபாவில் பார்த்தால் முதல் செலவில் மூன்றில் ஒன்று, டொலரில் பார்த்தால் ஆறில் ஒன்று.

எது சரி என்றால், உங்கள் வருமானம் எந்தக் காசில் வருகிறது என்று பாருங்கள். 15.50 என்பது ஒப்பந்தத்தில் எழுதிய ரூபா. டொலர் ஏறினாலும் அது அசையாது. இன்வர்ட்டரோ கப்பலில் வருவது. செலவு டொலரோடு ஓடுகிறது, வருமானம் ரூபாவில் கட்டிப் போட்டிருக்கிறது. 2022இல் இதைக் கண்ணால் பார்த்தோம். 800 டொலர் பெட்டி ஒன்று 200 ரூபா கணக்கில் 160,000. அதே வருடம் 360 ஆனதும் 288,000. பெட்டி மாறவில்லை, அதைக் கட்டும் யூனிட்டின் விலையும் மாறவில்லை.

சில்வர்ஓக்

அதற்குத்தான் சொல்கிறேன், இன்றைக்கே ஒரு இன்வர்ட்டரை வாங்கி அலுமாரியில் வைத்துவிட வேண்டும். டொலர் ஏறினாலும் கவலை இல்லை. ஒதுக்குவதும் வேண்டாம், வட்டியும் வேண்டாம்.

மீட்டர்_மணி

விலைக்கு நல்ல யோசனை, பெட்டிக்கு இல்லை. வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும். மூன்று வருடம் அலுமாரியில் கிடந்தால் மூன்று வருட வாரண்டி தூங்கியே கழியும். கரண்டு பாயாமல் வருடக்கணக்கில் கிடக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரும் உள்ளே தளர்ந்துவிடும். நம் வீட்டு அலுமாரியில் செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், மாட்டும் நாளில் சபை அந்த மொடலை ஏற்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியது பழைய மொடலும் அதன் கிலோவாட்டும். மாற்றுவதற்கு முன் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் ஏற்கும் மொடலை அன்று வாங்குவதுதான் பாதுகாப்பு.

சாமான்களை முன்கூட்டியே வாங்குவது பரவாயில்லை. கனெக்டரும் ஐசோலேட்டரும் கெட்டுப்போகாது.

பண்டாரவளைக்காற்று

எங்கள் கெஸ்ட்ஹவுஸில் 20 கிலோவாட், ஒரே இன்வர்ட்டர், எட்டாம் வருடம் போர்டு எரிந்தது. பெட்டி வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் பெப்ரவரி, மார்ச். வானத்தில் ஒரு மேகம் இல்லை, மீட்டரில் ஒரு யூனிட் இல்லை. மாற்றும்போது இரண்டு 10 கிலோவாட் போட்டோம். ஒன்று போனாலும் பாதி ஓடும். இரண்டும் சேர்ந்த விலை ஒன்றை விடக் கூட, ஆனால் நின்ற ஆறு வாரத்தையும் செலவில் எழுதிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

அண்ணன் சொன்னது மலைச்சாரலுக்கும் பொருந்தும், ஆனால் 5 கிலோவாட்டை இரண்டாக உடைப்பது கட்டுப்படியாகாது. அவருக்கு ஒரு மாதம் நின்றால் மிச்ச யூனிட்டில் 5,000 ரூபா சுற்று, அதோடு வீட்டின் 130 யூனிட்டையும் சபையிடம் விலைக்கு வாங்க வேண்டும். ஆறு வாரத்துக்கு 10,000 என்று ஒதுக்கீட்டில் சேர்த்தால் போதும்.

இப்போது முக்கியமான இடம். பெட்டி போன அன்று 950,000ஐ மறந்துவிடுங்கள், அது செலவான காசு. அன்றைக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்னும் 305,000 போட்டால் ஒப்பந்தம் முடியுமுன் திரும்பி வருமா?

பத்தாம் வருடத்துக்குப் பின் வருடச் சராசரி 5,300 யூனிட். வீட்டுக்கு 1,560 போக மிச்சம் 3,740. அதை 15.50ஆல் பெருக்கினால் வருடம் 57,970. ஆக 305,000 திரும்ப ஐந்து வருடம் மூன்று மாதம். பத்தாம் வருடம் போனால் ஒப்பந்தத்தில் பத்து வருடம் மிச்சம், கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். பதின்மூன்றில் போனால் ஏழு வருடம் மிச்சம், அப்போதும் சரி. பதினைந்தில் போனால் மிச்ச யூனிட் வருமானம் மட்டும் அந்தக் காசைத் திருப்பித் தராது.

நானுஓயா_8

இல்லை அண்ணா, வீட்டின் 130 யூனிட்டை விட்டுவிட்டீர்கள். சோலார் இல்லாவிட்டால் அதற்கு பில் வருமே.

கணக்குப்பிள்ளை

சரிதான், வேண்டுமென்றே விட்டேன். அந்த பில் எவ்வளவு என்பது ஒவ்வொரு கட்டண மாற்றத்திலும் மாறுகிறது, 15.50 மாறுவதில்லை. மாறாததை முதலில் போட்டேன். மாதம் 2,000 மிச்சம் என்று வைத்துப் பாருங்கள், வருடம் 24,000. மொத்தம் 81,970. திரும்பும் காலம் மூன்று வருடம் ஒன்பது மாதமாகக் குறையும். அப்படியானால் பதினாறாம் வருடம் வரை மாற்றலாம். உங்கள் வீட்டு பில்லை வைத்து அந்த எல்லையை நீங்களே நகர்த்திக்கொள்ளுங்கள். அந்த எல்லைக்கு அப்பால் போனால் புதிது வாங்காமல், போர்டைப் பழுது பார்க்கும் ஆளைத் தேடுவதுதான் முறை. 60,000க்குப் பழுது பார்த்து இரண்டு வருடம் ஓடினாலே அது வந்துவிடும்.

இருபது வருடம் முடிந்த பிறகு சபை என்ன விலை தரும் என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கை நான் பூச்சியமாகத்தான் வைக்கிறேன். சிலர் வைக்க மாட்டார்கள்.

மலைச்சாரல்

ரொம்பத் தெளிவு. ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். கொஞ்ச நாளாகக் காலையில் திரையில் `PV Isolation Low` என்று வருகிறது, பத்து, பத்தரை மணிக்குத் தானாகப் போய்விடுகிறது. பூட்டிய கம்பனி ஆள் பார்த்துவிட்டு இன்வர்ட்டருக்கு வயசாகிவிட்டது, மாற்றுங்கள் என்றார். அதனால்தான் இந்த இழையே போட்டேன்.

மீட்டர்_மணி

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மாற்றாதீர்கள்.

அந்தச் செய்தியின் பொருள், பேனல் வயர் எங்கேயோ எர்த்தோடு கசிகிறது என்பது. இன்வர்ட்டர் காலையில் தொடங்குமுன் அதை அளக்கிறது, குறைவாக இருந்தால் தொடங்க மறுக்கிறது. காலைப் பனியில் வந்து வெயில் ஏறியதும் போனால் ஈரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியின் வயசுக்கும் காலை பத்து மணிக்கும் சம்பந்தமில்லை. 235,000க்குப் புதுப் பெட்டி மாட்டினால் அதுவும் மறுநாள் காலை அதையே காட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். இதை டி.சி. வேலை தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும், 1000 வோல்ட் தாங்கும் மீட்டரும் கையுறையும் வேண்டும். செய்தி நிற்கும்போதே, பனியோடு, காலையிலேயே செய்ய வேண்டும். மதியம் போனால் ஒன்றும் தெரியாது.

முதலில் ஏ.சி. பிரேக்கரை இறக்குங்கள், பிறகு டி.சி. ஐசோலேட்டர், பிறகு பத்து நிமிடம் சும்மா இருங்கள். கிளாம்ப் மீட்டரில் டி.சி. கரண்டு பூச்சியம் என்று பார்த்த பிறகே கனெக்டரைக் கழற்ற வேண்டும். கரண்டு ஓடும்போது கழற்றினால் தீப்பொறி வளைந்து நிற்கும், அணையாது.

இப்போது ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக அளவெடுங்கள். பிளஸ்சுக்கும் மைனஸுக்கும் இடையே முதலில். எட்டுப் பேனல், ஒன்றுக்கு 44 வோல்ட் என்றால் 352 வரும். அடுத்து பிளஸ்சுக்கும் எர்த்துக்கும் இடையே. நல்ல ஸ்ட்ரிங் என்றால் ஒரு எண் காட்டிவிட்டு மெதுவாகப் பூச்சியத்துக்கு இறங்கும். கசியும் ஸ்ட்ரிங் என்றால் எண் இறங்காமல் நிற்கும். பிளஸ்-எர்த் 132இல் நிற்கிறது, எர்த்-மைனஸ் 220இல் நிற்கிறது என்று வைப்போம். கூட்டினால் அதே 352. 132ஐ 44ஆல் பிரித்தால் மூன்று. பிளஸ் பக்கமிருந்து மூன்றாம் பேனலுக்கும் நாலாம் பேனலுக்கும் இடையில்தான் கசிவு. கூரை முழுக்கத் தேட வேண்டாம், அந்த ஒரு இணைப்புக்குப் போங்கள்.

போனால் பெரும்பாலும் காண்பது இதுதான்: கனெக்டர் கட்டு அறுந்து தகரத்தின் பள்ளத்தில் கிடக்கும், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஓடும். அல்லது வயர் தகர விளிம்பில் உரசி உறை கிழிந்திருக்கும். எலி கடித்ததும் உண்டு. இரண்டு கனெக்டரும் அரை மணி நேரமும்தான் செலவு. பேனலின் சட்டத்தை வெறும் கையால் தொடாமல் வேலை செய்யச் சொல்லுங்கள், கசியும்போது அதில் கரண்டு இருக்கலாம்.

சில்வர்ஓக்

அப்போ இன்வர்ட்டர் உண்மையாகவே வயசாவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டர்_மணி

பக்கத்து வீட்டில் அதே பக்கம் பார்த்த சோலார் இருந்தால் காலையில் எது முதலில் தொடங்குகிறது என்று பாருங்கள். உங்களது வர வரத் தாமதமாகத் தொடங்கி, தொடங்கியும் கடக் கடக் என்று சேர்ந்து பிரிந்து கொண்டிருந்தால் ரிலே. நல்ல வெயிலில் 4 கிலோவாட் வர வேண்டிய இடத்தில் 3இலேயே தட்டையாக நின்றால் சூடு தணிக்கும் பக்கம் அடைத்திருக்கலாம் அல்லது கப்பாசிட்டர். முதலில் துடுப்பைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், சில நேரம் அவ்வளவுதான். திரை மட்டும் அணைந்து, மீட்டர் ஓடினால் அது திரைக் கோளாறு, பெட்டிக்கு ஒன்றுமில்லை. லைன் வோல்ட் கூடியதற்கும் பெட்டியைக் குறை சொல்வார்கள். சபையின் அளவு 230க்கு மேலும் கீழும் 6 சதவீதம், அதாவது 243.8 வரை. லைனின் கடைசி வீடாக இருந்து, பகலில் எல்லோர் சோலாரும் தள்ளினால் அதைத் தாண்டும், இன்வர்ட்டர் விலகிக்கொள்ளும். அது சபைக்குப் போட வேண்டிய முறைப்பாடு.

நானுஓயா_8

மாற்றுவது என்று வந்தால் எந்த மாதம்? தென்மேற்குப் பருவத்தில், ஜூன் ஜூலையில் எப்படியும் உற்பத்தி குறைவு, அப்போது நின்றால் நட்டம் குறைவு இல்லையா?

பண்டாரவளைக்காற்று

எங்கள் பக்கம் அது தலைகீழ். எங்களுக்கு மழை வருடக் கடைசியில். ஜூனில் எங்கள் கூரை நல்லா உழைக்கும்.

மீட்டர்_மணி

கொட்டகலைக்கு ஜூன் சரி என்றே தோன்றும், ஆனால் ஈரத்தில் கனெக்டர் கிரிம்ப் செய்தால் ஈரத்தையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். கூரை வேலையைப் பெப்ரவரியில் முடித்துவிட்டு, சுவர்ப் பெட்டியை மட்டும் மழைக்காலத்தில் மாற்றலாம். இரண்டு தடவை கூலி போகும் என்று கணக்குப்பிள்ளை திட்டுவார்.

கணக்குப்பிள்ளை

திட்டுவேன். 10,000 மிச்சம் பிடிக்க 8,000 கூலி.

நானுஓயா_8

இன்னொன்று. பழைய மாதிரிப் பெட்டியே ஏன்? ஹைப்ரிட் போட்டுப் பிறகு பேட்டரி சேர்க்கலாமே. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் கூரைச் சோலாரை அணைத்து வைக்கச் சொன்னார்களே, பேட்டரி இருந்தால் அந்த யூனிட்டை நாமே வைத்துக்கொண்டிருக்கலாம்.

மீட்டர்_மணி

மின்சாரம் தெரிந்தவனாகப் பார்த்தால் நல்ல யோசனை. பேனல் பக்கமும் பொருந்தும்: எட்டுப் பேனல் ஸ்ட்ரிங் 370 வோல்ட் சுற்று, குளிர்ந்த ஜனவரிக் காலையில் 390 தொடலாம், பெட்டியின் உச்சம் 500 என்றாலும் இடமிருக்கிறது. ஆனால் 15.50 ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே ஹைப்ரிட்டுக்கு மாற விடுவார்களா, அல்லது புது ஒப்பந்தம் புது விலை என்பார்களா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு பதிலாக வருகிறது. எழுத்தில் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

நான் இதில் மணி அண்ணனோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். ஒப்பந்தம் மாறாவிட்டாலும் பேட்டரியின் விலையை 15.50 ரூபா யூனிட்டால் திருப்ப முடியாது. கரண்டு போகும் நேரத்துக்காக வேண்டுமென்றால் வாங்குங்கள், அதை இன்வர்ட்டர் ஒதுக்கீட்டில் எழுதாதீர்கள்.

மலைச்சாரல்

ஆள் வந்து காலை ஏழரைக்கு அளந்தார். இரண்டாம் ஸ்ட்ரிங், பிளஸ்-எர்த் 87, எர்த்-மைனஸ் 261, கூட்டினால் 348. இரண்டாம் பேனலுக்கும் மூன்றாம் பேனலுக்கும் இடையில். கனெக்டர் தகரத்தில் விழுந்து கிடந்தது, உள்ளே பச்சை. மாற்றிவிட்டு வயரைத் தூக்கிக் கட்டினோம். இரண்டு நாள் பனியிலும் செய்தி வரவில்லை.

ஒதுக்கீட்டுக்கு என்ன முறை? நான் ஏழு வருடம் 22 வாங்கியபோது ஒன்றும் வைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை

22 வந்த காலம்தான் வைக்க வேண்டிய காலம். முதல் பத்து வருடத்தில் ஏறக்குறைய 55,900 யூனிட், 305,000ஐப் பிரித்தால் யூனிட்டுக்கு 5.50 ரூபாவுக்குக் கொஞ்சம் கீழே. 22இல் அது தெரியாமல் போயிருக்கும். 15.50இல் மூன்றில் ஒரு பங்கு.

இப்போது உங்கள் வழி: சபையிலிருந்து மாதம் வரும் 5,000 சுற்றுப் பணத்தைத் தனிக் கணக்கில் விழ விடுங்கள், தொடாதீர்கள். ஒன்றரை வருடத்தில் 90,000. பெட்டி பத்தில் போகாமல் பன்னிரண்டு வரை இழுத்தால் 210,000. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதே அளவு பெட்டிக்கு விலை கேட்டு, இலக்கை ரூபாவில் எழுதாமல் டொலரில் எழுதிவையுங்கள். 1,000 டொலர் என்று. டொலர் அசைந்தால் அந்த மாதமே தெரியும்.

டவுன்கடை

மணி அண்ணே, தனி இழை போட்டுட்டேன். பேட்டரிதான்னு கடைக்காரனும் சொல்றான். ஆனா அவன் இன்வர்ட்டரையும் சேர்த்து மாத்தணும்ங்கிறான்.

மீட்டர்_மணி

மாற்ற வேண்டாம். அங்கே வருகிறேன்.